மூணு வருஷமா தமிழ்ல போஸ்ட் ஷெட்யூல் பண்றேன்: கவுண்டர், இமோஜி, படத்துல வர்ற ஃபாண்ட் பத்தி என் அனுபவம்

தினம் ஒரு பழைய தமிழ்ச் சொல், அதோட பொருள், ஒரு வரி விளக்கம், கூடவே ஒரு படம். இதுதான் நான் நடத்துற பக்கம். ஞாயித்துக்கிழமை உக்காந்து அந்த வாரத்துக்கான ஏழு போஸ்டையும் ஒரு ஷெட்யூலிங் டூல்ல போட்டு வச்சிடுவேன், காலைல ஆறு மணிக்கு அதுவா எக்ஸ், ப்ளூஸ்கை, இன்ஸ்டா மூணுலயும் போயிடும். மூணு வருஷம் ஓடிடுச்சு. டூல் பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா இடையில ரெண்டு டூல் மாத்திட்டேன், மூணுலயும் கிட்டத்தட்ட இதே பிரச்சனைங்கதான் வந்துச்சு. இங்க்லீஷ்ல போடுறவங்களுக்கு இதெல்லாம் கண்ணுலயே படாது, தமிழ்ல போட்டாதான் தெரியும்.

முதல் அடி எழுத்தை எண்ணிக் காட்டுற கவுண்டர்ல விழுந்துச்சு. ஒரு போஸ்ட் எழுதி முடிச்சேன், டூல் 196னு காட்டுச்சு, எக்ஸ்ல சாதா கணக்குக்கு 280 வரைக்கும் போலாமே, நிறைய இடம் இருக்குன்னு ஷெட்யூல் பண்ணிட்டு தூங்கிட்டேன். காலைல ப்ளூஸ்கைல போஸ்ட் இருக்கு, எக்ஸ்ல இல்ல. டூல்ல போய்ப் பாத்தா சிவப்புல "நீளம் அதிகம்"னு இருக்கு. 196 எப்படிங்க 280ஐத் தாண்டும்னு ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சேன்.

விஷயம் என்னன்னா, நாம ஒரு எழுத்துன்னு நினைக்கிறது வேற, கம்ப்யூட்டர் சேமிச்சு வைக்கிறது வேற. "கொ" நமக்கு ஒரு எழுத்து. யூனிகோட்ல அது ரெண்டு துண்டு, க தனி, ஒகரக் குறி தனி. "ன்" கூட ரெண்டு, ன ஒண்ணு புள்ளி ஒண்ணு. அகர உயிர்மெய்யும் தனி உயிரெழுத்தும் ஆய்தமும்தான் ஒத்தைத் துண்டு, மத்ததெல்லாம் குறைஞ்சது ரெண்டு. என் டூல் நம்ம கண்ணுக்குத் தெரியிற எழுத்தா எண்ணுச்சு. ப்ளூஸ்கை அப்படித்தான் எண்ணுது, 300 வரைக்கும் விடும், அதனால அங்க ஓகே. எக்ஸ் துண்டு துண்டா எண்ணுது. டூல் ஒரே ஒரு கவுண்டரை எல்லா இடத்துக்கும் பொதுவா காட்டிட்டு இருந்திருக்கு, அதான் ஏமாந்தேன்.

ஒரு சின்ன வரியை எடுத்து எண்ணிப் பாத்தா தெளிவாப் புரியும். "கொன்றை பூத்தாச்சு 🙏". கொன்றைல மூணு எழுத்து ஆறு துண்டு, பூத்தாச்சுல அஞ்சு எழுத்து பத்து துண்டு, ரெண்டு இடைவெளி, ஒரு இமோஜி. பிரவுசர்ல கன்சோலைத் திறந்து இதை ஒவ்வொரு வரியா போட்டுப் பாருங்க, எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்:

```js
const s = "கொன்றை பூத்தாச்சு 🙏".normalize("NFC");
[...new Intl.Segmenter("ta").segment(s)].length  // 11
[...s].length                                    // 19
s.length                                         // 20
new TextEncoder().encode(s).length               // 54
```

ஒரே வரிக்கு நாலு நம்பர். 11 கண்ணுக்குத் தெரியிறது. 19 யூனிகோட் துண்டு. 20 வந்தது ஏன்னா ஜாவாஸ்கிரிப்ட் அந்த 🙏ஐ ரெண்டா எண்ணும். 54 பைட் கணக்கு, தமிழ்ல ஒவ்வொரு துண்டும் மூணு பைட், அந்த இமோஜி நாலு பைட். உங்க டூல் இந்த நாலுல எதைக் காட்டுதுன்னு தெரிஞ்சுக்க இந்த வரியையே அதுல பேஸ்ட் பண்ணுங்க, 11 காட்டினா எக்ஸுக்கு அதை நம்பாதீங்க. எக்ஸ் கணக்குல இது 20: தமிழ்த் துண்டு ஒவ்வொண்ணும் ஒண்ணு, இமோஜி எதுவா இருந்தாலும் ரெண்டு, லிங்க் எவ்ளோ நீளமா இருந்தாலும் 23.

என் போஸ்டுங்கள்ல பாத்தா கண்ணுக்குத் தெரியிற எழுத்து மாதிரி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலயே துண்டு வருது, அதனால எக்ஸுக்குப் போறதை 170 எழுத்துக்குள்ள நிறுத்திக்கிறேன். ஒற்று நிறைய வர்ற வரின்னா சீக்கிரமே நிரம்பிடும், "பூத்தாச்சு"ல அஞ்சு எழுத்துக்கு பத்துத் துண்டுன்னா பாத்துக்கோங்க.

அந்த கோட்ல NFCன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கும் காரணம் இருக்கு. "கொ"வை ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒகரக் குறி ஒரே துண்டா, இல்லன்னா ஒத்தைக் கொம்பும் காலும் தனித்தனியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். PDFல இருந்து காப்பி பண்ணினா சில சமயம் ரெண்டாவது விதமா வந்து விழும், கவுண்டர் ஏறும், தேடினா சிக்காது. NFC அதை ஒண்ணாச் சேத்து வச்சிடும். ஆனா "கௌ"வுக்கு பதிலா கொம்பு, க, அப்புறம் ளகரம்னு "கெள" அடிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதை எந்த நார்மலைசும் சரி பண்ணாது, ஏன்னா அங்க இருக்கிறது நிஜமாவே ள. ஹேஷ்டேக்ல இது வந்தா ரெண்டு தனி டேகா பிரிஞ்சு நிக்கும். நான் "மௌனம்"ங்கிற சொல்லுக்குப் போட்ட டேக்ல இப்படி மாட்டி, நாலு மாசம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன்.

இமோஜிக்கு வர்றேன். 👨‍👩‍👧‍👦 இந்தக் குடும்பம் பாக்க ஒண்ணு, உள்ள நாலு ஆளு, அவங்களை ஒட்டுற மூணு கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, மொத்தம் ஏழு துண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நீளம் 11, பைட்ல 25. எக்ஸ் இதையும் ரெண்டுன்னுதான் எண்ணும். அதனால தமிழ்ல கவுண்டர் குறைச்சுக் காட்டுற பிரச்சனைன்னா, `s.length` வச்சு எண்ணுற டூல்ல இமோஜி கூட்டிக் காட்டுற பிரச்சனை. என் ரெண்டாவது டூல் அப்படித்தான், ஒரு குடும்ப இமோஜி போட்டா 11 ஏறும், இடம் இல்லன்னு நினைச்சு நல்ல சொல்லையெல்லாம் வெட்டியிருக்கேன், அது வருத்தம்தான்.

இதைவிட மோசம் "தானா சுருக்கு"ன்னு ஒரு வசதி இருக்கே அது. நீளம் தாண்டினா டூலே கடைசில வெட்டிடும். எங்க வெட்டுதுன்னு பாக்கறதே இல்ல. "பார்க்க வேண்டும்"னு முடிஞ்ச வரி "பார்க்க வேண்டும"ன்னு போயிடுச்சு, கடைசிப் புள்ளி மட்டும் காணோம். சொல்லுக்குன்னே நடத்துற பக்கத்துல புள்ளி இல்லாம நின்னா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? வெட்டு ரெண்டு துண்டுக்கு நடுவுல விழுந்தா புள்ளியோ உயிர்க்குறியோ போகும், "பூ" வெறும் "ப" ஆகிடும், 👍🏽 நிறத்தை இழந்து 👍 ஆகும். பைட் கணக்குல வெட்டுற டூலா இருந்தா கடைசில � இப்படி ஒரு கேள்விக்குறி வைரம் நிக்கும். அந்த வசதியை முதல் வேலையா ஆஃப் பண்ணிடுங்க.

இன்னொண்ணு சட்டுனு சொல்லிட்டுப் போறேன். முதல் டூல்ல ❤️ ஒழுங்கா வரும், 🙏 மட்டும் கேள்விக்குறியா மாறும். டேட்டாபேஸ்ல மூணு பைட் வரைக்கும்தான் ஏத்துக்கிற பழைய `utf8` இருந்தா இப்படித்தான் ஆகும், ❤ மூணு பைட்டுக்குள்ள அடங்கும் 🙏 அடங்காது. தமிழும் மூணு பைட்தான், அதனால அது தப்பிச்சிடும். நம்ம பக்கம் பண்ண ஒண்ணும் இல்ல, சப்போர்ட்டுக்கு `utf8mb4`னு ஒரு வார்த்தை எழுதினா புரிஞ்சவங்களுக்குப் புரியும்.

இப்ப படம். இதுலதான் எனக்கு அதிக நேரம் போச்சு. டூல்லயே டெம்ப்ளேட் இருக்கும், சொல்லைப் போட்டா அழகா கார்டு ஆக்கித் தரும். பிரிவ்யூல அருமையா இருந்துச்சு. காலைல போஸ்ட் ஆன படத்துல "கொன்றை"ல கொம்பு க-வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் கால் பக்கத்துல நிக்குது, ஐகாரக் குறி ற-வுக்கு அந்தப் பக்கம் கிடக்குது. பிரிவ்யூ காட்டுறது நம்ம பிரவுசர், அதுக்குத் தமிழ் எழுத்தைக் கோத்து வைக்கத் தெரியும். நிஜப் படத்தை வரையிறது அவங்க சர்வர்ல ஓடுற வேற ஒரு லைப்ரரி. ஹார்ஃப்பஸ் மாதிரி எழுத்துக் கோக்குற எஞ்சின் அங்க இல்லன்னா துண்டுகளை சேமிச்ச வரிசையிலயே வரிசையா வச்சிடும், கொம்பு இடம் மாறாது, "கு" "டி" எல்லாம் ஒட்டாம தனித்தனியா நிக்கும். ஃபாண்டை மாத்தி மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல, ஏன்னா கோளாறு ஃபாண்ட்ல இல்ல. கட்டம் கட்டமா வந்தாதான் ஃபாண்ட்ல தமிழ் இல்லன்னு அர்த்தம், எழுத்து தெரியிது ஆனா கொம்பு இடம் மாறி நிக்குதுன்னா கோக்குற வேலை நடக்கலன்னு அர்த்தம்.

புது டூல் எடுத்தா இப்ப நான் முதல்ல பண்றது "கொடி கூடு பையில் மௌனம் ஸ்ரீ"ன்னு ஒரு கார்டு பண்ணி ஒரு ட்ரையல் கணக்குல போஸ்ட் ஆக விட்டு, போஸ்ட் ஆன படத்தை இறக்கி பெருசாக்கிப் பாக்கறது. பிரிவ்யூவை நம்பறதே இல்ல.

ரெண்டாவது டூல் கோத்து வச்சுச்சு, ஆனா நான் தேர்ந்தெடுத்த தலைப்பு ஃபாண்ட்ல தமிழே இல்ல. அது என்ன பண்ணும், சத்தமில்லாம வேற ஒரு தமிழ் ஃபாண்டை எடுத்துக்கும். என் லேப்டாப்ல ஒண்ணு, சர்வர்ல வேற ஒண்ணு. அகலம் மாறுது, வரி மடங்குற இடம் மாறுது, ரெண்டு வரின்னு நினைச்சது மூணு வரி ஆகி கடைசி வரி கட்டத்துக்கு வெளிய போயிடுது. அதனால தமிழ் இருக்கிற ஃபாண்டா பேரைச் சொல்லி எடுங்க: Noto Sans Tamil, Mukta Malar, Catamaran, Hind Madurai, Meera Inimai எல்லாம் இலவசம். நான் உடம்புக்கு Mukta Malar, தலைப்புக்கு Catamaran தடிமன் 700.

வரி இடைவெளியையும் கவனிங்க. இங்க்லீஷ் டெம்ப்ளேட்ல அது 1.0, 1.1னு இறுக்கமா இருக்கும். நமக்கு மேல புள்ளியும் இகரச் சுழியும், கீழ உகரச் சுழியும் வருது, மேல் வரி "கு" கீழ் வரி "ழ்" புள்ளி மேல இடிக்கும், முதல் வரில புள்ளி அப்படியே வெட்டுப்படும். 1.45 வச்சதுக்கு அப்புறம் அந்தத் தொல்லை இல்ல. எழுத்து இடைவெளியை பூஜ்யத்துலயே விடுங்க, கூட்டினா கொம்பும் காலும் எழுத்தை விட்டு நகந்து தனியா நிக்கும்.

பழைய டிடிபி ஆளுங்க கிட்ட படம் வாங்கினா இன்னொரு சங்கதி. அவங்க பாமினிங்கிற யூனிகோட் இல்லாத பழைய ஃபாண்ட்ல பண்ணுவாங்க, படத்துல "தமிழ்"னு அழகாத்தான் இருக்கும், ஆனா அவங்க டிசைன் ஃபைல்ல இருந்து அந்த வரியைக் காப்பி பண்ணி கேப்ஷன்ல போட்டா `jkpo;`னு வரும், ஏன்னா உள்ள இருக்கிறது அதுதான். ஒரு தடவை நான் அதை, படத்தைப் பாக்க முடியாதவங்களுக்காக எழுதுற ஆல்ட் டெக்ஸ்ட்ல கவனிக்காம பேஸ்ட் பண்ணிட்டேன், ஸ்கிரீன் ரீடர் வச்சுப் படிக்கிற ஒருத்தங்க, "என்னங்க இது, இங்க்லீஷ் எழுத்தா வாசிக்குது"ன்னு மெசேஜ் பண்ணினாங்க. அவங்களுக்கு அந்தப் படமே இல்லாத மாதிரிதான அது. இப்ப ஆல்ட் டெக்ஸ்டை ஒவ்வொண்ணா கையால யூனிகோட்ல அடிக்கிறேன்.

இப்போதைக்கு என் வழக்கம்: படத்தை என் கம்ப்யூட்டர்லயே பண்ணி 1080க்கு 1350 PNGயா ஏத்திடுறேன், டூலோட டெம்ப்ளேட்டைத் தொடறதே இல்ல. படத்துக்குள்ள இமோஜி போடறதில்ல, கேப்ஷன்லதான். மூணு தளத்துக்கும் தனித்தனி வரி எழுதுறேன், எக்ஸுக்கு சின்னது, ப்ளூஸ்கைக்கு நடுத்தரம், இன்ஸ்டால 2200 வரைக்கும் போலாங்கிறதால விளக்கம் முழுசும் அங்க. மொத்தமா CSVல ஏத்தற வாரம் எக்செல்ல "CSV UTF-8"ன்னு இருக்கிறதைத்தான் எடுப்பேன், வெறும் CSVன்னு சேவ் பண்ணி ஏழு நாளும் ????ன்னு போன வாரம் ஒண்ணு இருந்துச்சு. மூணாவது டூல் கவுண்டரை தளத்துக்கு ஒண்ணா தனித்தனியா காட்டுது, அதுக்காகவே ஒன்றரை வருஷமா அதுலயே இருக்கேன், கார்டு மட்டும் அதுலயும் இன்னும் "கொ"வைத் தப்பாதான் வரையுது.