சாதா ஓட்ஸா, குளூட்டன் ஃப்ரீ ஓட்ஸா?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் புரதம். ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை, அதிலிருக்கும் புரதம் அவெனின். அப்புறம் ஏன் குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்கள் சாதா ஓட்ஸைத் தொடக்கூடாது என்கிறார்கள்?

சிக்கல் கலப்படத்தில். ஓட்ஸ் விளையும் நாடுகளில் அதே வயலில், அதே லொறியில், அதே ஆலையில் கோதுமையும் பார்லியும் போய்வருகின்றன. கணக்கு இதுதான்: குளூட்டன் ஃப்ரீ என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. ஒரு கோதுமை மணியில் ஏறக்குறைய 3, 4 மில்லிகிராம் இருக்கும், ஆக ஒரு கிலோவில் ஏழெட்டு மணி விழுந்தாலே எல்லை தாண்டிவிடும். தட்டையாக்கியபின் கோதுமையையும் ஓட்ஸையும் கண்ணால் பிரிக்க முடியாது, கழுவினாலும் போகாது. ஒரு பக்கெட் சுத்தமாக இருந்து அடுத்தது கெட்டிருக்கலாம் என்பதால், "போனமுறை ஒன்றும் செய்யவில்லையே" என்பதும் செல்லாது.

திருகோணமலையில் சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் ஓட்ஸ் இன்னும் மோசம், கோதுமை மாவை அள்ளிய அதே கரண்டிதான் அதிலும் இறங்கும்.

குளூட்டன் ஃப்ரீ ஓட்ஸ் தனி வயலில் விளைந்தது, அல்லது இயந்திரத்தால் பிரித்துச் சோதித்தது. விலை கூடத்தான், ஆனாலும் சீலியாக் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒன்று: சிலருக்கு அவெனினே ஒத்துக்கொள்ளாது. அதனால் நோய் அடங்கியபின், வைத்தியரிடம் கேட்டு, கொஞ்சமாகத் தொடங்குங்கள். வயிறு குழம்பினால் நிறுத்திவிட்டு குரக்கன் கஞ்சிக்குப் போகலாம், அதையும் கோதுமை அரைக்காத மில்லில் அரைத்தால் சரி.