இணையதளத்தின் உண்மையான ஆண்டுச் செலவு: நான்காம் ஆண்டின் பில்லை வைத்து ஓர் ஒப்பீடு

நண்பர் ஒருவர் நடத்தும் சிறு பதிப்பகத்துக்கு இணையதளம் அமைக்க மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சுமார் 60 புத்தகங்களின் பட்டியல், ஒரு விசாரணைப் படிவம், மாதம் ஓரிரு அறிவிப்புகள் ஆகியவைதான் அவருடைய தேவை. விற்பனை வாட்ஸ்அப் வழியாக நடக்கிறது. அவருக்கு வந்திருந்த மதிப்பீடுகள் எல்லாம் முதல் ஆண்டுத் தொகையை மட்டும் சொல்லின. அந்தத் தொகையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதே என் கருத்து. அறிமுகச் சலுகைகள் எல்லாம் தீர்ந்தபின் வரும் பில்தான் தளத்தின் உண்மையான விலை. தளத்தை இணையத்தில் வைத்திருக்க வாடகைக்கு எடுக்கும் இடமான ஹோஸ்டிங்குக்கு மூன்று ஆண்டுத் தொகையை முன்பே கட்டினால், அது நான்காம் ஆண்டில் வருகிறது.

முதல் வழி, வாடகை ஹோஸ்டிங்கில் தளம் அமைக்கும் இலவச மென்பொருளான வேர்ட்பிரஸை நிறுவி, தளத்துக்குத் தோற்றம் தரும் தீம் ஒன்றையும் கூடுதல் வசதிகள் தரும் பிளகின்களையும் விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பது. இரண்டாவது, எல்லாவற்றையும் ஒரே சந்தாவில் தரும் ஆயத்தத் தளச் சேவை. மூன்றாவது, அதே வேர்ட்பிரஸை இலவசத் தீமுடனும் மிகக் குறைந்த பிளகின்களுடனும் நடத்துவது. கீழே உள்ள தொகைகள், இன்று சந்தையில் வழக்கமாகக் காணும் அளவுகளை ஒட்டி நான் எடுத்துக்கொண்ட மாதிரித் தொகைகள். ஒரு டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்திருக்கிறேன், வரி சேர்க்கவில்லை.

முதல் வழியில் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, முதல் ஆண்டு 299 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 1,400. ஹோஸ்டிங் விளம்பரத்தில் மாதம் 149 ரூபாய் என்றிருக்கும். ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை, அதாவது முதல் நாளே 5,364 ரூபாய். புதுப்பிக்கும்போது மாதம் 449, ஆண்டுக்கு 5,388. தீம் ஒருமுறை 5,192. பக்க வடிவமைப்பு பிளகின் ஆண்டுக்கு 5,280, பேக்கப் பிளகின் ஆண்டுக்கு 6,160. படிவப் பிளகின் முதல் ஆண்டு 50 டாலர், அடுத்த ஆண்டு முதல் 99 டாலர், அதாவது 4,400 ரூபாய் 8,712 ஆகிவிடுகிறது.

இரண்டாவது வழியில் சந்தா ஆண்டுக்கு 12,000. டொமைன் முதல் ஆண்டு இலவசம், பிறகு 1,400. படிவமும் பேக்கப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆனால் பதிப்பகத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் வேண்டும். நாங்கள் பார்த்த சேவையில் அதற்குத் தனிச் செயலி, மாதம் 800 ரூபாய். மூன்றாவது வழியில் டொமைன், ஹோஸ்டிங், பேக்கப் பிளகின் ஆகிய மூன்று செலவுகள் மட்டுமே. ஆங்கிலப் பக்கங்களைக் கையால் தனியே எழுதி, மெனுவில் இணைத்துவிடலாம்.

| ஆண்டு | விலைத் தீமும் பிளகின்களும் | ஆயத்தச் சேவை | குறைந்தபட்ச வேர்ட்பிரஸ் |
|---|---|---|---|
| முதல் | 26,695 | 21,600 | 11,823 |
| இரண்டாம் | 21,552 | 23,000 | 7,560 |
| மூன்றாம் | 21,552 | 23,000 | 7,560 |
| நான்காம் | 26,940 | 23,000 | 12,948 |

முதல் வழியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகள் மலிவாகத் தெரிவதற்குக் காரணம், ஹோஸ்டிங் பணத்தை முன்பே கட்டிவிட்டதுதான். நான்காம் ஆண்டில் தீம் வாங்கும் செலவே இல்லாதபோதும் பில் முதல் ஆண்டைத் தாண்டிவிடுகிறது. ஆயத்தச் சேவையில் அந்த ஒரு செயலியை நீக்கினால் ஆண்டுச் செலவு 13,400 ரூபாயாக இறங்கி, மூன்றாவது வழிக்கு அருகில் வந்துவிடும். எனவே அங்கே சந்தா விலையைவிடக் கூடுதல் செயலிகளின் எண்ணிக்கையே செலவைத் தீர்மானிக்கிறது. ஆயத்தச் சேவைகளில் வெளியேறும் செலவும் உண்டு. எடுத்துக்காட்டாக, விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்ற முடியாது. உள்ளடக்கத்தை எடுத்துக்கொண்டு புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.

இந்த அட்டவணையுடன் வரியையும் சேர்க்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், புத்தகம் மட்டும் விற்கும் பதிப்பகத்துக்கு அந்த வழி கிடையாது. அந்த 18 சதவீதம் முழுச் செலவாகவே நிற்கும். அப்போது முதல் வழியின் நான்காம் ஆண்டுச் செலவு சுமார் 31,800 ரூபாய், மூன்றாவதன் செலவு சுமார் 15,300 ரூபாய். டாலரில் கட்டும் தொகைக்கு வங்கி எடுக்கும் அயல்நாட்டுப் பரிமாற்றக் கட்டணம் இதற்கு மேல்.

புதுப்பிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு செலவுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். செலவைக் குறைக்க முடியுமா என்பதற்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. பல வேர்ட்பிரஸ் பிளகின்கள் உரிமக் காலம் முடிந்த பிறகும் தொடர்ந்து இயங்கும்; புதிய பதிப்புகளும் உதவியும்தான் நின்றுபோகும். சிலவற்றில் ஏற்கெனவே உள்ள பக்கங்கள் தெரியும், ஆனால் கட்டண வசதிகளைக் கொண்டு புதிதாக எதையும் சேர்க்க முடியாது. தளம் நன்றாக ஓடுகிறது என்று எண்ணிப் புதுப்பிப்பதை நிறுத்துகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2014-இல் ஸ்லைடர் ரெவல்யூஷன் என்ற பிளகினில் கடுமையான பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது பெரிதும் பாதிக்கப்பட்டவர்கள், அந்தப் பிளகினைத் தீமோடு சேர்த்து வாங்கியிருந்தவர்கள். அவர்களிடம் அதற்கெனத் தனி உரிமம் இல்லாததால் திருத்தம் நேராக வந்து சேரவில்லை. அந்தத் தீம் உருவாக்கியவர் சேர்த்துத் தந்தால்தான் உண்டு. தம் தளத்தில் அந்தப் பிளகின் இருப்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. ஆகவே "இந்தத் தீமுடன் ஐந்து கட்டணப் பிளகின்கள் இலவசம்" என்ற வரியைக் கண்டால் அதை லாபக் கணக்கில் எழுத வேண்டாம். தீம்களை விற்கும் தளமான தீம்ஃபாரஸ்டில் ஒருமுறை விலைக்குத் தீமின் புதிய பதிப்புகள் கிடைக்கும் என்றாலும், உதவி 6 மாதங்களுக்கு மட்டுமே.

டொமைன் விஷயத்தில் எதையும் குறைக்க இடமில்லை. .com முகவரிகளுக்குப் பதிவகமான வெரிசைன், அவற்றை நமக்கு விற்கும் பதிவாளர்களிடம் ஆண்டுக்கு 10.26 டாலர் என்று 2024 செப்டம்பரில் விலை உயர்த்தியது. அதற்குக் கீழே தெரியும் எந்த விலையும் முதல் ஆண்டுச் சலுகை மட்டுமே. புதுப்பிக்கத் தவறினால் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசமும், பிறகு 30 நாள் மீட்புக் காலமும் உண்டு, ஆனால் மீட்புக் காலத்தில் வழக்கமான தொகையைவிடப் பல மடங்கு கேட்பார்கள். தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நம்பி இருந்துவிடுவதும் இந்தியாவில் சரிவராது. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தபின், முறையாகப் பதிவு செய்யாத தொடர் கட்டணங்களை வங்கி மறுத்துவிடுகிறது; வெளிநாட்டு நிறுவனங்களிடம் வாங்கிய டொமைன்களும் உரிமங்களும் இப்படிச் சத்தமின்றிக் காலாவதியாவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நண்பருக்கு மூன்றாவது வழியையே பரிந்துரைத்தேன். 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, அதற்கேற்ற தீம் இருந்தால், வேர்ட்பிரஸின் சொந்தத் திருத்தியிலேயே தலைப்பகுதி, அடிப்பகுதி, பக்க அமைப்பு ஆகியவற்றை மாற்றலாம். 60 புத்தகங்களின் பட்டியலுக்கு அது போதும். மாதம் அரை மணி நேரம் பதிப்புகளைப் புதுப்பிக்கும் வேலை மட்டும் அவருடைய பொறுப்பு. அந்த நேரத்தைத் தரவே முடியாதவர் என்றால், இருமொழிச் செயலியை விட்டுவிட்டு ஆயத்தச் சேவைக்குப் போகச் சொல்லியிருப்பேன். .com முகவரியை 10 ஆண்டுகள் வரை முன்பதிவு செய்ய இடமுண்டு என்பதால், டொமைனுக்கு மட்டும் 5 ஆண்டுப் பணத்தை முதலிலேயே கட்டிவிட்டோம். ஹோஸ்டிங் முடியும் தேதியை அவர் தம் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில், 449 ரூபாய் என்ற மாத விலையோடு சேர்த்து எழுதிவைத்திருக்கிறார்.