டிவியையே மானிட்டரா வச்சு வேலை பாக்குறேன்: மங்கல் எழுத்து, பிசி மோட், ஸ்கேலிங் பத்தி என் அனுபவம்

வீட்லேர்ந்து வேலைன்னு ஆனதுக்கப்புறம் தனியா மானிட்டர் வாங்காம, இருந்த 43 இன்ச் 4கே டிவியவே டேபிள்ல ஏத்தி லேப்டாப்ப எச்டிஎம்ஐ-ல மாட்டிட்டேன், இன்னிக்கு வரைக்கும் அதுலதான் எக்செல், மெயில், கோட் எல்லாம் ஓடுது. செட்டிங் சரியா இருந்தா எழுத்து நல்ல மானிட்டர் அளவுக்கு கூர்மையா இருக்கு. ஆனா டப்பாலேர்ந்து எடுத்து அப்படியே மாட்டினா அரை மணி நேரத்துல கண்ணு வலிக்கும், டிவிய குறை சொல்லிட்டு மானிட்டர் தேட ஆரம்பிச்சிடுவீங்க.

ஆரம்பத்துல எனக்கு புரியாம இருந்தது என்னன்னா, யூடியூப்ல 4கே வீடியோ போட்டா இலை நரம்பு வரைக்கும் தெரியுது, அதே ஸ்க்ரீன்ல எக்செல் திறந்தா நம்பர் எல்லாம் ஈரத்துல எழுதுன மாதிரி விளிம்பு பரவி நிக்குது. தமிழ்ல டைப் பண்ணா இன்னும் மோசம், சின்ன சைஸ்ல புள்ளி எழுத்தோட ஒட்டிக்குது, ண-வோட சுழி எத்தனைன்னு எண்ண முடியல. வெள்ளையில கருப்பு எழுத்து கூட ஏதோ படிக்கலாம், கோட் எடிட்டர்ல கருப்பு பேக்ரவுண்ட்ல சிவப்பு, நீலம்னு கலர்ல வர்ற வார்த்தைங்கதான் சுத்தமா குழம்புது. கடையில கேட்டா நல்ல கேபிள் போடுங்க சார்னு விலை கூடுன கேபிளை நீட்டுவாங்க. எச்டிஎம்ஐ டிஜிட்டல் சிக்னல், கேபிள் தாங்கலன்னா ஸ்க்ரீன் கருப்பாகி கருப்பாகி வரும், இல்ல புள்ளி புள்ளியா மின்னும், எழுத்து மட்டும் மங்கலா ஆகாது. அந்தக் காச மிச்சம் பிடிங்க.

விஷயம் இருக்கிறது குரோமா சப்சாம்ப்ளிங்ல. வீடியோ சிக்னல்ல ஒவ்வொரு பிக்சலோட வெளிச்சத்தை தனியாவும் கலரை தனியாவும் பிரிச்சு அனுப்ப முடியும். நம்ம கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் நுணுக்கமா தெரியும், கலர் வித்தியாசம் அந்த அளவு தெரியாது, அதனால கலரை மட்டும் குறைச்சு அனுப்பி இடத்தை மிச்சம் பிடிக்கிறாங்க. வாசல் கோலத்துல இழையை மாவுல நுணுக்கமா இழுத்துட்டு கலர் பொடிய மட்டும் கைநிறைய அள்ளித் தூவுற மாதிரின்னு வச்சுக்கங்க. 4:4:4-ன்னா ஒவ்வொரு பிக்சலுக்கும் அதோட சொந்தக் கலர். 4:2:2-ன்னா பக்கத்து பக்கத்து ரெண்டு பிக்சலுக்கு ஒரே கலர். 4:2:0-ன்னா மேல ரெண்டு கீழ ரெண்டு, ஆக நாலு பிக்சலுக்கும் சேர்த்து ஒரே கலர், அதாவது 4கே டிவியா இருந்தாலும் கலர் வர்றது 1920 x 1080 அளவுக்குத்தான். படம் பாக்க இது தாராளம், ப்ளூரே டிஸ்க்லயும் ஓடிடிலயும் படம் வர்றதே 4:2:0-லதான். ஆனா எழுத்துன்னு வரும்போது ஒரு கோடு ஒரே ஒரு பிக்சல் அகலம்தான் இருக்கும், அதுக்கு சொந்தக் கலர் இல்லன்னா பக்கத்து வீட்டுக் கலர் ஏறிடும். கருப்பு எழுத்தும் தப்பிக்காது, ஏன்னா விண்டோஸ்ல கிளியர்டைப்னு ஒண்ணு இருக்கு, அது எழுத்தோட ஓரத்துல லேசா சிவப்பும் நீலமும் பூசித்தான் கூர்மையா காட்டும், அந்தக் கலர் பரவினா எழுத்தும் சேர்ந்து பரவும்.

இதைக் கண்டுபிடிக்க நான் பண்றது ஒரு சின்ன டெஸ்ட். விண்டோஸ் ஸ்கேலை கொஞ்ச நேரத்துக்கு 100% வச்சுட்டு பெயின்ட் திறந்து முழுக்க நீலம் அடிங்க, அது மேல லைன் டூல்ல 1 பிக்சல் சைஸ்ல சிவப்புல ஒரு ட வரையுங்க, நேரா ஒரு கோடு, கீழ படுக்கையா ஒரு கோடு, அவ்ளோதான். ஜூம் பண்ணக்கூடாது, 100%-லயே இருக்கணும், கிட்டப் போய் பாருங்க. ரெண்டு கோடும் பளிச்னு சிவப்பா இருந்தா 4:4:4 சரியா வருது. ரெண்டு கோடுமே மங்கி ஊதாவா தெரிஞ்சா 4:2:0. நிக்கிற கோடு மட்டும் கரைஞ்சு படுக்கைக் கோடு பளிச்னு இருந்தா 4:2:2, ஏன்னா அதுல கலர் பக்கவாட்டுல மட்டும்தான் பங்கு போகுது. எனக்கு முதல்ல ரெண்டு கோடுமே ஊதாதான்.

அடுத்து லேப்டாப் என்னத்த அனுப்புதுன்னு பாக்கணும். விண்டோஸ் 11-ல `Settings > System > Display > Advanced display` போனா டிவியை செலக்ட் பண்ணதும் `Color format`னு ஒரு வரி இருக்கும். என்னோடதுல `YCbCr420`னு போட்டிருந்துச்சு. லேப்டாப்ல எச்டிஎம்ஐ 2.0, டிவிலயும் 2.0, அப்புறம் எதுக்கு 420? காரணம் டிவில இருந்துச்சு. 4கே 60 ஹெர்ட்ஸ்ல முழுக் கலரோட அனுப்ப ஏறக்குறைய 18 ஜிபிபிஎஸ் வேணும், அது எச்டிஎம்ஐ 2.0-வோட உச்சம். பழைய 1.4-ல 10.2 தான் போகும், அதுல 4:2:0 மட்டும்தான் நுழையும். பழைய செட்டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாம் குழம்பிடக் கூடாதுன்னு நிறைய டிவி போர்ட்டை சாதா மோட்லயே வச்சு அனுப்புறாங்க, அந்த மோட்ல டிவி லேப்டாப்கிட்ட 'எனக்கு 60-ன்னா 4:2:0 தான் வேணும்'னு சொல்லிடும், லேப்டாப்பும் அதையே கொடுக்கும். இதைத் திறந்துவிடுற செட்டிங்குக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பேரு வச்சிருக்கான், எல்ஜி-ல `HDMI Ultra HD Deep Colour`, சாம்சங்ல `Input Signal Plus`, சோனில `HDMI signal format` உள்ள `Enhanced format`. எந்த போர்ட்ல மாட்டிருக்கீங்களோ அந்த போர்ட்டுக்கு ஆன் பண்ணணும். பண்ணதும் ஸ்க்ரீன் ஒரு தடவை கருப்பாகி வந்துச்சு, `Color format` `RGB`னு மாறிடுச்சு.

பலர் இதோட நிறுத்திட்டு இன்னும் முழுசா சரியாகலயேன்னு புலம்புவாங்க. ஏன்னா லேப்டாப் முழுக் கலர் அனுப்பினாலும், டிவி உள்ள வாங்கினதும் ஷார்ப்னஸ், மோஷன், நாய்ஸ் குறைப்புன்னு தன்னோட வேலையெல்லாம் பண்றதுக்காக அதை திரும்ப 4:2:2-ஆ மாத்திக்கும். ட-வை பாத்தப்போ அதேதான், படுக்கைக் கோடு தெளிவு, நிக்கிற கோடு கரைஞ்சிருக்கு. இதுக்குத்தான் பிசி மோட். எல்ஜி-ல இன்புட் லிஸ்ட்ல எடிட் போய் அந்த எச்டிஎம்ஐ-யோட ஐகானை `PC`னு மாத்தணும், பேரை மட்டும் மாத்தினா நிறைய மாடல்ல வேலைக்கு ஆகாது, ஐகான்தான் முக்கியம். சாம்சங்லயும் சோர்ஸ் லிஸ்ட்ல எடிட் பண்ணி `PC` வைக்கணும். சோனில பிக்சர் மோட்ல `Graphics` இல்லன்னா `Game`. மாத்தின அந்த நிமிஷமே ட-வோட நிக்கிற கோடும் பளிச்னு ஆயிடுச்சு, பக்கத்து ரூம்லேர்ந்து வந்த வீட்டுக்காரம்மாவே 'என்ன, டிவி மாத்திட்டீங்களா?'ன்னு கேட்டாங்க.

கலர் பிரச்சனை தீர்ந்தாலும் ஸ்கேலிங்னு இன்னொரு மங்கல் இருக்கு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. கலர் எழுத்து கருப்பு எழுத்துன்னு வித்தியாசமே இல்லாம எல்லாமே ஒரே மாதிரி சொதசொதன்னு இருந்தா அது ஸ்கேலிங். முதல்ல ஸ்க்ரீன் ஓரத்தைப் பாருங்க, டாஸ்க்பார் கீழ வெட்டுப்பட்டிருந்தா டிவி ஓவர்ஸ்கேன் பண்ணுது, அதாவது படத்தை லேசா இழுத்துப் பெருசாக்குது, ஒரு பிக்சலும் அதோட இடத்துல உக்காராது. `Just Scan`, `Fit to screen`, `Full pixel`னு எதாவது ஒரு பேருல இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. அப்புறம் `Win+P` அழுத்தி டூப்ளிகேட்ல இருந்தா மாத்துங்க, டூப்ளிகேட்ல ரெண்டு ஸ்க்ரீனுக்கும் ஒரே ரெசல்யூஷன்தான் போகும், லேப்டாப் 1080-ன்னா டிவிக்கும் பெரும்பாலும் 1080 தான், அதை டிவி நாலு மடங்கா இழுத்து பூசி மெழுகிக் காட்டும். `Extend` இல்லன்னா `Second screen only` வச்சு 3840 x 2160 கொடுங்க.

விண்டோஸ் ஸ்கேல்ல டிவியைப் பாத்ததும் 300%-னு எடுத்துக்கும், சோபால உக்காந்து பாப்போம்னு நினைப்பு. 43 இன்ச் 4கே-ல ஒரு இன்ச்சுக்கு 102 பிக்சல் வருது, சாதா மானிட்டரை விட கொஞ்சம்தான் அடர்த்தி, மூணடி தூரத்துல உக்காந்தா 125 இல்ல 150 போதும். எழுத்து சின்னதா இருக்குன்னு ரெசல்யூஷனைக் குறைக்காதீங்க, ஸ்கேலைத்தான் ஏத்தணும். ஸ்கேல் மாத்தினதும் ஒரு தடவை சைன் அவுட் பண்ணி வாங்க. நான் யூஸ் பண்ற பழைய கணக்கு சாஃப்ட்வேர் ஒண்ணு மட்டும் அப்பவும் மங்கலாவே இருந்துச்சு, அதோட ஐகான்ல ரைட் கிளிக், `Properties > Compatibility > Change high DPI settings` போய் கடைசி டிக்கை போட்டு `Application`னு வச்சதும் கூர்மையாச்சு, எழுத்து குட்டியாத்தான் இருக்கு, ஆனா தெளிவு. சில டிவி பேனல்ல ஒவ்வொரு பிக்சலுக்குள்ளயும் சிவப்பும் நீலமும் இடம் மாறி இருக்கும், அதுல கிளியர்டைப் பூசுற கலர் தப்பான பக்கம் விழும், அதுக்கு `cttune`னு ரன் பண்ணி எந்தக் கட்டம் நல்லா இருக்கோ அதைத் தேர்ந்தெடுத்தா போதும்.

இத்தனை நாள் ஓட்டினதுல தொல்லைன்னு சொன்னா, பிசி மோட்ல மோஷன் ஸ்மூத்திங் கிடையாது, பிக்சர் செட்டிங்ல பாதி மங்கிப் போய் தொட முடியாது. மோஷன் ஸ்மூத்திங் இல்லாததே எனக்குப் பிடிச்சிருக்கு, வீட்ல கிரிக்கெட் பாக்குறவங்களுக்குத்தான் கோவம், அதனால லேப்டாப் போர்ட்டை மட்டும் பிசின்னு வச்சுட்டு செட்டாப் பாக்ஸை வேற போர்ட்ல போட்டாச்சு. டிவி அப்டேட் வந்தப்புறம் ஒரு நாள் கண்ணு உறுத்த ஆரம்பிச்சுது, பாத்தா ஐகான் பழையபடி ஆயிருந்துச்சு. எச்டிஆர் இன்னொரு வம்பு, விண்டோஸ்ல அதை ஆன் பண்ணா 10 பிட் கேக்கும், 4கே 60-ல 10 பிட் முழுக் கலரோட எச்டிஎம்ஐ 2.0-ல நுழையாது, அதனால சில லேப்டாப் சத்தமில்லாம 4:2:2-க்கோ 4:2:0-வுக்கோ இறங்கிடும். படம் பாக்குறப்போ மட்டும் `Win+Alt+B` அழுத்தி ஆன் பண்ணிட்டு முடிஞ்சதும் அணைச்சிடுறேன்.

யூஎஸ்பி-சி ஹப் வழியா மாட்டுறவங்க ஒண்ணு கவனிங்க, விலை கம்மி ஹப் நிறைய 4கே-ல 30 ஹெர்ட்ஸ் தான் தரும். அதுல முழுக் கலர் வரும், எழுத்து கூர்மையாவே இருக்கும், மவுஸ்தான் இழுத்து இழுத்து நகரும். 32 இன்ச் எச்டி ரெடி டிவி வச்சிருக்கவங்களுக்கு இதெல்லாம் பாதிதான் உதவும், பேனல் பெரும்பாலும் 1366 x 768, அது 1080 சிக்னலை வாங்கி சுருக்கித்தான் காட்டும். ரெசல்யூஷன் லிஸ்ட்ல 1360 x 768 இருந்தா அதை வச்சுப் பாருங்க, இல்லன்னா அந்த டிவில படம் பாருங்க, எக்செல்ல லேப்டாப்லயே வச்சுக்கங்க.