2 ரூபாய் டிரையல் டைம்டேபிள் ஆப்: பிளஸ் டூ வீட்டார் கவனத்துக்கு

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் போனில் இந்த விளம்பரங்கள் வரிசை கட்டி வரும். "எந்த போர்டாக இருந்தாலும் உங்களுக்கென்றே டைம்டேபிள். 7 நாள் டிரையல் வெறும் 2 ரூபாய்." இதை நம்பிச் சேர்ந்த ஒரு வீட்டில் இரண்டு விதமாக அடி விழுந்தது. மாணவி மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ அறிவியல் பிரிவு. அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து 999 ரூபாய் இரண்டு முறை போனது. அந்தப் பணத்தையாவது கேட்டுப் போராடலாம். ஆப் போட்டுக் கொடுத்த டைம்டேபிள் அவள் படிக்கும் புத்தகத்துக்கு உரியதே இல்லை என்பதுதான் பெரிய இழப்பு. அதில் போன மூன்று வாரத்தை யாரும் திருப்பித் தர முடியாது.

ஆப்பைத் திறந்ததும் போர்டு எது என்று கேட்டது. பட்டியலில் 'தமிழ்நாடு' இருந்தது, அதையே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் உள்ளே ஏறிய பாடப் பட்டியல் சிபிஎஸ்இ-யுடையது. இது சட்டென்று கண்ணில் படாது. இயற்பியலில் தலைப்புகள் பெரும்பாலும் இரண்டு போர்டிலும் ஒத்துப்போகும், எனவே முதல் சில நாட்கள் எல்லாம் சரியாகவே தெரியும். வேதியியலில்தான் குட்டு உடைந்தது. ஒரு நாள் 'ஹாலோ ஆல்கேன்கள், 3 மணி நேரம்' என்று வந்தது. மாணவி பிளஸ் டூ வேதியியலின் இரண்டு தொகுதிகளையும் புரட்டிப் பார்த்தாள், அப்படி ஒரு பாடமே இல்லை. அது பிளஸ் ஒன் புத்தகத்தின் 14-வது அலகு.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மாநிலப் பாடத்திட்ட பிளஸ் டூ வேதியியலில் 15 அலகுகள். சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் பாடக் குறைப்புக்குப் பிறகு 10 அலகுகள்தான். அந்தப் பத்தில் கரைசல்கள், ஹாலோ ஆல்கேன்கள் ஆகிய இரண்டும் நமக்குப் பிளஸ் ஒன்னிலேயே முடிந்துவிடுபவை. மீதி எட்டு மட்டுமே இரண்டுக்கும் பொது. அப்படியானால் நம் புத்தகத்தில் உள்ள ஏழு அலகுகள் அந்த ஆப்பின் டைம்டேபிளில் எந்த நாளிலும் வராது. உலோகவியல், பி-தொகுதித் தனிமங்களின் இரண்டு அலகுகள், திட நிலைமை, அயனிச் சமநிலை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவையே அந்த ஏழு. கிட்டத்தட்ட பாதிப் புத்தகம். ஆப்பில் 'வேதியியல் 100% முடிந்தது' என்று பச்சை வட்டம் நிறைந்திருக்கும்போது இந்த ஏழும் கை படாமல் கிடக்கும். ஜனவரியில் பள்ளியில் முதல் திருப்புதல் தேர்வுக்கு முதல் தொகுதியைக் கொடுத்திருந்தார்கள். அதன் முதல் அலகே உலோகவியல். அந்த வாரம் ஆப் அவளைக் கரைசல்களைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

கணிதத்திலும் இதே கதைதான். நம் 12 அத்தியாயங்களில் கலப்பு எண்கள், சமன்பாட்டியல், பரவளையமும் நீள்வட்டமும் வரும் பகுமுறை வடிவியல், தனிநிலைக் கணிதம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்காது. நம் கணிதப் புத்தகத்தில் இல்லாத நேரியல் திட்டமிடல் இருக்கும். நீட்டுக்கும் சேர்த்துப் படிப்பவர்கள் "பிளஸ் ஒன் பாடம் வந்தால் நல்லதுதானே" என்பார்கள். நீட்டுக்குச் சரி. ஆனால் மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்கான அட்டவணை என்று காசு வாங்கியவர்கள் அதைச் சொல்லிவிட்டல்லவா கொடுக்க வேண்டும்?

எனவே எந்த ஆப்பாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்பே பாடப் பட்டியலைத் திறந்து, வேதியியல் புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் அலகாக உலோகவியல் இருக்கிறதா, மொத்தம் 15 வருகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பணம் கட்டினால்தான் பட்டியலைக் காட்டுவோம் என்றால் அந்த ஆப் வேண்டவே வேண்டாம். பட்டியல் தவறாக இருந்து, அதைத் திருத்தவோ அலகைச் சேர்க்கவோ வழி இல்லையென்றாலும் அதே முடிவுதான். இந்த ஆப்பில் அலகை நீக்க முடிந்தது, சேர்க்க முடியவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியபோது "விரைவில் அப்டேட் வரும்" என்று ஒரே பதில் மூன்று முறை வந்தது.

பட்டியல் சரியாக இருந்தாலும் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நேரக் கணக்கு. தொடக்கத்தில் "தினமும் எத்தனை மணி நேரம் படிப்பீர்கள்?" என்று ஆப் கேட்கும். பிள்ளைகள் ஆசையில் 6 என்று போட்டுவிடுவார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு உண்மையில் நான்கு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். தேர்வுக்கு 60 நாள் என்றால் ஆப் 360 மணி நேர வேலையைப் பிரித்து வைக்கும். நான்கு மணி நேரம் படித்தால் 15 நாளில் முடிந்தது 60, மிச்சம் 300. அதை 45 நாளுக்குப் பங்கிட்டால் தினமும் 6 மணி 40 நிமிடம். 30-வது நாளில் அது 8 மணி நேரமாகும். 45-வது நாளில் 12 மணி நேரம். பிள்ளை ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை, முதல் நாள் போட்ட எண்தான் தவறு. ஆனால் திரையில் தெரிவதெல்லாம் சிவப்பு எழுத்தில் 'நிலுவை'. 'ரீஷெட்யூல்' பொத்தானை அழுத்தினால் பாடம் குறையாது, மிச்ச நாட்களில் இன்னும் இறுக்கமாகத் திணிக்கப்படும்.

இதோடு பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வரும், அதற்கு முன்னும் பின்னும் திருப்புதல் தேர்வுகள் வரும். இந்த ஆப்புக்கு அவையெல்லாம் சாதாரண நாட்கள். குறிப்பிட்ட தேதிகளை 'படிக்க முடியாத நாள்' என்று குறிக்க வசதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மணி நேரம் கேட்கும் இடத்தில், கடந்த வாரம் உண்மையிலேயே படித்த நேரத்தின் சராசரியைப் போடுங்கள். வாரத்தில் ஒரு நாளைக் காலியாக விடச் சொல்லுங்கள், விட்டுப்போனதெல்லாம் அன்று அடங்கிவிடும்.

இனி பணம். 2 ரூபாய் கட்டும்போது ஜிபே, போன்பே எதுவானாலும் திறப்பது சாதாரணப் பணம் அனுப்பும் திரை அல்ல, ஆட்டோபே அனுமதித் திரை. பெரிய எழுத்தில் 2 ரூபாய் இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் ஒப்பந்தம். இந்த வீட்டில் பிறகு எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது இது: அதிகபட்சத் தொகை 5,000 ரூபாய் வரை, எப்போது எடுக்கலாம் என்ற இடத்தில் As presented, முடியும் தேதி பல ஆண்டுகள் தள்ளி. As presented என்றால் மாதம் ஒரு முறை என்ற கட்டுப்பாடு இல்லை, அவர்கள் கேட்கும்போதெல்லாம் எடுக்கலாம். யுபிஐ பின் போட்டவுடன் அதற்குச் சம்மதித்துவிட்டோம். 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பின் கேட்க வேண்டியதில்லை. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வந்தது, அப்பாவின் போனுக்கு, ஆப்பின் பெயரில் அல்ல, கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயரில். ஆப் இருந்ததோ மகளின் போனில். அவர் அதை ஏதோ விளம்பர எஸ்எம்எஸ் என்று விட்டுவிட்டார்.

முதல் 999 போனது தெரிய வந்ததும் மகள் ஆப்பை அழித்துவிட்டாள். அடுத்த மாதம் மறுபடியும் போனது. ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் Payments & subscriptions பக்கத்தில் பார்த்தார்கள், அங்கே எதுவும் இல்லை. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டிய சந்தா மட்டுமே அங்கே தெரியும். ஆப் தன் சொந்தப் பணப் பக்கத்துக்குக் கூட்டிப்போய் யுபிஐ-யில் வாங்கியதை அங்கே தேடிப் பயனில்லை.

நிறுத்த வேண்டிய இடம், பணம் கட்டியவரின் யுபிஐ ஆப். அதில் புரொஃபைல் படத்தைத் தொட்டு Autopay என்ற பகுதிக்குப் போங்கள். நடப்பில் உள்ள அனுமதிகள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். பெயர் புரியவில்லையென்றால் 2 ரூபாய் போன தேதியை வைத்து அடையாளம் காணலாம். ரத்து செய்வதற்கு முன், UMN என்ற எண்ணும் அதிகபட்சத் தொகையும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகாருக்கு அதுதான் ஆதாரம். பிறகு ரத்து செய்யுங்கள், பின் கேட்கும், போடலாம். நிலை Revoked என்று மாறியதா என்று பார்த்த பின்பே வெளியே வாருங்கள். Pause மட்டும் செய்தால் தற்காலிகமாகத்தான் நிற்கும்.

போன பணத்துக்கு முதலில் ஆப் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'தமிழ்நாடு' என்று தேர்ந்தெடுத்த திரை, உள்ளே வந்த பத்து அலகுப் பட்டியல், நம் புத்தகத்தின் பொருளடக்கப் பக்கம் மூன்றையும் இணையுங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதினால் தட்டிக் கழிப்பார்கள், "விற்ற பொருளே வேறு" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். வங்கிக்குப் போனால் "நீங்கள்தானே பின் போட்டீர்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 1930 சைபர் மோசடிக்கான எண், இதற்கு ஏற்ற இடம் தேசிய நுகர்வோர் உதவி மையம்: 1915 அல்லது consumerhelpline.gov.in. இலவசச் சந்தா என்று காட்டி ஆட்டோபே அனுமதி கேட்டுக் கட்டாயப்படுத்துவதும், ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும் 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் 'சந்தாப் பொறி' என்ற தலைப்பில் தடை செய்யப்பட்டவை. புகாரில் அந்த விதிகளைக் குறிப்பிடுங்கள். இந்த வீட்டுக்குப் புகார் போட்ட பிறகு இரண்டாவது 999 திரும்ப வந்தது. முதல் மாதத்தில் ஆப்பைப் பயன்படுத்தியதாகச் சொல்லி அந்தத் தொகையைத் தர மறுத்துவிட்டார்கள்.

பிளே ஸ்டோர் வழியாகவே கட்டியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பிறகு ஆப் நிறுவனத்தைத்தான் அணுக வேண்டியிருக்கும். எனவே முதல் டெபிட் எஸ்எம்எஸ் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.