ஒட்டுவதற்கு முன் வெட்டுவதா, ஒட்டிய பின்னா?

பெங்களூரில் வாடகை அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும்போது, ஓனருடன் பேசிய சாட் ஸ்க்ரீன்ஷாட்களை ஒரே நீளப் படமாக ஒட்டி வைப்பவர்கள் நம்மில் நிறைய. நடுநடுவே அவர் பெயர் பட்டையும் டைப் செய்யும் பெட்டியும் திரும்பத் திரும்ப வரும்.

நேரம்: ஒட்டுவதற்கு முன் வெட்டுவது எளிது; பட்டையின் உயரம் எல்லாப் படத்திலும் ஒன்றுதான். ஒருமுறை அளந்தால் போதும். 1080×2400 திரையில் மேலே 220, கீழே 160 பிக்சல் என்றால், ImageMagick-இல் நடுப்படம் ஒவ்வொன்றுக்கும்:

```
magick 2.png -gravity North -chop 0x220 -gravity South -chop 0x160 2b.png
```

முதல் படத்தின் தலையையும் கடைசிப் படத்தின் காலையும் வெட்டாமல் விட்டுவிடுங்கள். ஒட்டிய பின் என்றால் ஒவ்வொரு பட்டையையும் கையால் தேடி வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே நகர்த்த வேண்டும். இரண்டு மூன்று இணைப்புக்குச் சரி, இருபதுக்குச் சலிப்பு.

துல்லியம்: இந்தத் திரையில் தெரியும் பகுதி 2020 பிக்சல்தான். அதைவிட அதிகமாக ஸ்க்ரோல் செய்திருந்தால் இடையில் வரிகள் விடுபட்டிருக்கும்; எந்த வெட்டும் அவற்றை மீட்காது. இணைப்பில் பாதி எழுத்து தெரிந்தால் இதுவாக இருக்கலாம். குறைவாக ஸ்க்ரோல் செய்திருந்தால் ஒரே வரி இருமுறை வரும். தனிப்படங்கள் இருந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தனிப்படங்கள் கையில் இருந்தால் முன்பே வெட்டுங்கள். அழித்துவிட்டு நீளப் படம் மட்டும் மிஞ்சியவர்களுக்குத்தான் இரண்டாவது வழி.