ரென்கோ பேக்டெஸ்டைக் காட்டி கோர்ஸ் விற்கிறார்கள், உஷார்

"பச்சை பிரிக் வந்தா வாங்கு, சிவப்பு வந்தா வித்துடு" என்று ஒரு டிரேடிங் கோர்ஸ் 18,000 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. பணம் கட்டி வாங்கினேன். ரென்கோ சார்ட்டில் நேரம் கிடையாது; விலை குறிப்பிட்ட புள்ளி நகர்ந்தால்தான் பிரிக் எனும் ஒரு கட்டம் விழும், ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. கோர்ஸில் காட்டியது நிஃப்டி, 50 புள்ளி பிரிக், தினசரி குளோசிங். பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் லாபக்கோடு மலையேறுவதுபோல் போகும். அதிலிருந்து ஒரே ஒரு டிரேடைப் பிரித்துக் காட்டுகிறேன்.

2024 மே 30 அன்று நிஃப்டி 22,488-ல் முடிந்தது. கடைசி சிவப்பு பிரிக் 22,550-லிருந்து 22,500 வரை. திசை மாறினால் புது பிரிக் பழைய பிரிக்கின் மறுமுனையிலிருந்து தொடங்கும்; அதனால் பச்சை விழ குளோசிங் 22,600-ஐத் தொட வேண்டும். மே 31 குளோசிங் 22,530. புது பிரிக் இல்லை. ஜூன் 3, எக்ஸிட் போல் உற்சாகத்தில் சந்தை ஒரே தாவலாகத் திறந்து 23,263-ல் முடிந்தது. சார்ட்டில் 14 பச்சை பிரிக்குகள் வரிசையாக எழுந்தன. பேக்டெஸ்ட் 22,600-ல் "வாங்கிவிட்டது". அன்று நாள் முழுக்க நிஃப்டி 23,000-க்குக் கீழே வரவே இல்லை. யாரிடம் வாங்கியது?

மறுநாள் தேர்தல் முடிவு. குளோசிங் 21,884. கடைசி பச்சை பிரிக்கின் அடி 23,200 என்பதால் முதல் சிவப்பு 23,150-ல் முடிகிறது. அங்கே விற்றதாகக் கணக்கு. லாபம் 550 புள்ளி! ஆனால் குளோசிங் தெரிந்த பிறகுதான் பிரிக்கே பிறக்கிறது. 23,263-ல் வாங்கி 21,884-ல் விற்றிருந்தால் நஷ்டம் ஏறக்குறைய 1,380 புள்ளி. அதோடு, அன்று இடையில் நிஃப்டி 21,281 வரை போனது. சிவப்பு பிரிக்குகள் 21,900-லேயே நின்றுவிட்டதால் அந்த 600 புள்ளிப் பள்ளம் சார்ட்டில் இல்லை. மார்ஜின் போதாமல் பொசிஷன் வெட்டப்படுவது அப்படிப்பட்ட பள்ளத்தில்தான்.

நேரத்தை எடுத்துவிட்டால் இப்படித்தான்: ஒரே நாளில் விழுந்த 26 பிரிக்கும், மாதக்கணக்கில் நிதானமாக இறங்கிய 26 பிரிக்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

கோர்ஸ் குழுவில் இதைக் கேட்டேன். "ஸ்லிப்பேஜ் எல்லா சிஸ்டத்திலும் உண்டு சார்" என்றார்கள். சிக்னல் விலைக்கும் நமக்குக் கிடைக்கும் விலைக்கும் உள்ள சிறு வித்தியாசம்தான் ஸ்லிப்பேஜ். சந்தையில் நடக்காத விலைக்கே அந்தப் பெயராம்! மறுபடி கேட்டதும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பணம் திரும்பவில்லை.

இப்போது அதே ஆட்கள், ஏற்றத்தை X வரிசையாகவும் இறக்கத்தை O வரிசையாகவும் வரையும் பாயிண்ட் அண்ட் ஃபிகர் சார்ட்டையும் விற்கிறார்கள். ஹை-லோ முறையில் வரையும்போது, X வரிசையில் இருந்தால் முதலில் அன்றைய ஹையைத்தான் பார்ப்பார்கள். புது X கிடைத்துவிட்டால் அன்றைய லோ எவ்வளவு ஆழமானாலும் பதிவாகாது. உங்கள் ஸ்டாப்லாஸ் அடிபட்ட நாள், சார்ட்டில் ஏறுமுகமாகவே தெரியும்.

விற்பவரிடம் டிரேட் பட்டியலைத் தேதியோடு கேளுங்கள். ஒவ்வொரு வாங்கல், விற்றல் விலையும் சாதாரண கேண்டில் சார்ட்டில் அதே நாளின் லோவுக்கும் ஹைக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் போதாது, குளோசிங்கில் பிறந்த சிக்னல் என்றால் குளோசிங் விலையில் அல்லது மறுநாள் ஓப்பனில் கணக்கை மறுபடி போடச் சொல்லுங்கள். பட்டியல் தரமாட்டோம் என்றால் பணம் கட்டாதீர்கள்.