அம்மா அறையில் சொட்டிய தண்ணீர் மாடியில் எங்கே இறங்கியது?

இந்த முறை ஐந்து வார விடுப்பில் ஊருக்குப் போனேன். அதில் பெரும்பகுதி மொட்டை மாடியில்தான் கழிந்தது. அம்மாவின் அறையில் மின்விசிறிக்குப் பக்கத்தில் மூன்று வருடமாக ஒழுகுகிறது. இரண்டு வருடம் முன்பு ஒருவரை அழைத்து மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். முதல் மழைக்காலம் தாங்கியது. அடுத்ததில் அதே இடத்தில், முன்பைவிட அகலமாக ஓதம் ஏறிவிட்டது.

போன மறுநாளே அப்பாவிடம் ஒரு பென்சில் வாங்கி, ஏணி போட்டு ஏறி, கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்தேன். கறை வளர்கிறதா, நிற்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கோடு இருந்தால் தெரியும்.

முதலில் வந்த நிறுவனத்தின் ஆள் பத்து நிமிடம் மாடியில் நின்றார். கீழே எங்கே ஒழுகுகிறது என்று கேட்டு, அதற்கு நேர் மேலே பார்த்தார். "விரிசல் இங்கேதான். முழு மாடிக்கும் அக்ரிலிக் கோட்டிங், நாலு டின் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு அது உறுத்தியது.

இரண்டாவதாக வந்தவர் ஒரு மேஸ்திரி. வயது அறுபதை நெருங்கும். கையில் ரசமட்டமும் சின்னச் சுத்தியலும் மட்டும்தான். வந்ததும் நாலு வாளி தண்ணீர் கேட்டார். அதை மாடியில் ஊற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் வெளியேறும் குழாயை நோக்கிப் போகவில்லை. நடுவில் ஒரு பள்ளத்திலும், எதிர்ப்பக்கக் கைப்பிடிச் சுவரின் அடியிலும் தேங்கி நின்றது.

"ஐயா, இந்த மாடியில வாட்டமே இல்லை" என்றார் அப்பாவிடம். பிறகு என்னிடம், "தம்பி, எந்தப் பூச்சு அடிக்கலாம்னு அப்புறம் பேசலாம். தண்ணி எங்க நிக்குது, எங்க இறங்குதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றார்.

அடுத்த நான்கு நாட்கள் அதைத்தான் செய்தோம். மாடியைக் களிமண் வரப்பு போட்டு நான்கு பாத்திகளாகப் பிரித்தார். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. குழாய் வாயைத் துணி சுற்றி அடைத்து, இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க நிறுத்தினோம். (ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. பழைய தளத்தில் தேவைக்கு மேல் கட்ட வேண்டாம் என்று அவரே சொன்னார்.) அம்மா அறைக்கு நேர் மேலே இருந்த பாத்தியில் கீழே எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள், கைப்பிடிச் சுவர் மூலையை ஒட்டிய பாத்தியில் தண்ணீர் நிறுத்தி ஆறு மணி நேரம் இருக்கும், பென்சில் கோட்டுக்கு வெளியே ஓர் இருண்ட ஈரம் படர ஆரம்பித்தது. சொட்டும் இடத்திலிருந்து மூலைக்கு மூன்று மீட்டருக்கு மேல்.

இதற்குக் காரணம் எளிது. கான்கிரீட் தளத்துக்கு மேலே சிமென்ட் கலவை ஒரு படலமாக இருக்கிறது. சுவர் ஓரம் இறங்கிய தண்ணீர் அந்தப் படலத்துக்கும் தளத்துக்கும் இடையில் பக்கவாட்டில் நகர்ந்து போய், தளத்தில் எங்கே மெல்லிய வெடிப்போ, மின்குழாய் போன துளையோ கிடைக்கிறதோ அங்கே இறங்குகிறது. எங்கள் வீட்டில் அது மின்விசிறிக் கொக்கி. கீழே சொட்டுவது தண்ணீர் வெளிவரும் வாசல்தான். உள்ளே போன வாசல் வேறு.

மூலையில் பூச்சை உளியால் தட்டினார். டொக் டொக் என்று உள்ளே வெற்றிடச் சத்தம். பெயர்த்துப் பார்த்தபோது சுவரும் தளமும் சேரும் இடத்தில், ஒரு நாணயத்தை நுழைக்கும் அளவுக்கு அகலமான, நீண்ட பிளவு. அதற்குள் போன மழைக்காலத்துப் பாசி பச்சையாகவே இருந்தது.

இந்தப் பிளவு கட்டும்போது நடந்த தப்பு மட்டும் இல்லை. எங்கள் மாடி 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கான்கிரீட் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஒரு மீட்டருக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவு நீளும். உச்சி வெயிலில் காய்ந்த தளத்தின் மேல் திடீரென்று மழை கொட்டி 30 டிகிரி இறங்கினால், 12 மீட்டரில் மூன்றரை மில்லிமீட்டர் அசைவு. செங்கல் சுவர் அதே அளவில் அசைவதில்லை. இரண்டும் சேரும் கோட்டில்தான் இழுபறி முழுக்க நடக்கிறது. வருடக்கணக்கில் தினமும் இழுபடும் இடத்தில் வெறும் சிமென்ட் கலவை நிற்காது. அந்தக் கோட்டிலேயே தண்ணீரும் தேங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய வெள்ளைப் பூச்சு ஏன் போனது என்பதும் அப்போது புரிந்தது. அக்ரிலிக் பூச்சு வெயிலை நன்றாகவே தாங்கும். வெள்ளையாக இருப்பதால் தளத்தின் சூட்டையும் குறைக்கும். ஆனால் அது தண்ணீரில் கரைத்துச் செய்யப்பட்ட பூச்சு. மழை பெய்து வடிந்துவிடும் மாடிக்குச் சரி. நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் ஊறி மெத்தென்று ஆகி, பிடிப்பு விட்டுத் தோலாக உரிந்து வரும். எங்கள் மாடியிலும் மேட்டுப் பகுதிகளில் அது இன்னும் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தது. பள்ளங்களில் மட்டும் நகத்தாலேயே உரிக்க முடிந்தது.

என் மனதில் வேறொரு யோசனை இருந்தது. நான் இருக்கும் குளிர் நாட்டில் தட்டைக் கூரைகளில் தார் ஷீட்டை நெருப்பால் உருக்கி ஒட்டுவார்கள். அதையே போடலாமே என்றேன். மேஸ்திரி மறுக்கவில்லை, ஆனால் எந்த வகை என்று கேட்டார். தாரில் எஸ்.பி.எஸ். என்ற ரப்பர் கலந்த ஷீட் கடும் குளிரிலும் வளையும். அதன் பலமே அதுதான். ஏ.பி.பி. என்ற பிளாஸ்டிக் கலந்த ஷீட் அதிகச் சூட்டிலும் இளகாமல் நிற்கும். கொதிக்கும் வெயிலுக்கு ஏ.பி.பி.தான், அதுவும் மேலே கல் துகள் பதித்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் தார் காய்ந்து வெடித்துவிடும். அகலமான, வெறுமையான மாடிக்கு அது நல்ல தேர்வு என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நான்கு கால்கள், ஏழு குழாய்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் ஷீட்டை வெட்டி ஒட்ட வேண்டும், ஒவ்வோர் ஒட்டும் பின்னால் ஒழுகக்கூடிய இடம். ஷீட்டுக்கு அடியில் ஒரு முறை தண்ணீர் புகுந்தால் எங்கே புகுந்தது என்று தேடுவதும் பெரும்பாடு.

கடைசியில் பாலியூரித்தேன் என்ற திரவ மெம்பிரேன் என்று முடிவானது. ரப்பர் போல நீளும், தேங்கிய தண்ணீரில் ஊறாது, எந்த வளைவிலும் ஒட்டு இல்லாமல் ஒரே தோலாக அமையும். அதன் குறை வெயில். சாதாரண வகை வெயில் பட்டு மஞ்சளாகி, மேற்பரப்பு சுண்ணாம்புப் பொடி போல உதிரும். அதனால் மேலே வெயிலைத் தாங்கும் தனி மேல்பூச்சு கட்டாயம். அந்த மேல்பூச்சை மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் விட்டுவிடுவதாக மேஸ்திரி வருத்தத்தோடு சொன்னார்.

ஆனால் டின் திறப்பதற்கு முன்பே பாதி நாட்கள் போய்விட்டன. முதலில் பழைய கலவைப் படலம் முழுவதையும் எடுத்தார்கள். வாட்டம் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வேண்டும். குழாய் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் 12 மீட்டருக்குக் கடைசியில் 12 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கலவை ஏறக்குறைய 20 கிலோ. தளத்தின் மேல் அவ்வளவு சுமை ஏற்ற மேஸ்திரிக்கு மனமில்லை. எதிர்ச்சுவரிலும் ஒரு குழாய் வாய் திறந்தார். நடுவில் மேடு, இரு பக்கமும் ஆறு ஆறு மீட்டர், ஆறு சென்டிமீட்டர் உயரம் போதும். கூடும் சுமை பாதியாகிவிட்டது. சுவர் ஓரம் செங்கோணமாக விடாமல் கலவையால் ஐந்து சென்டிமீட்டர் சாய்வு வைத்துக் குழைவாக்கினார். கூர்மையான மூலையில் மெம்பிரேன் மெலிந்து கிழியும்.

ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்றிய பிறகு எனக்கு அவசரம். நல்ல வெயில், மேற்பரப்பு உலர்ந்து வெளுத்திருந்தது. மேஸ்திரி அரை மீட்டர் சதுரப் பாலிதீன் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர்த்துளி. "இப்ப அடிச்சா வெயில்ல இந்தத் தண்ணி ஆவியாகி மேல தள்ளும், கொப்புளம் வரும் தம்பி" என்றார். மூன்று இடத்தில் தாள் உலர்ந்து வர இன்னும் ஒன்பது நாள் ஆனது.

பூச்சு அடித்தது மாலை நான்கு மணிக்கு மேல். காலையில் அடித்தால் தளம் சூடேறச் சூடேற உள்ளிருக்கும் காற்று விரிந்து ஊசித்துளை போடும், மாலையில் தளம் ஆறிக்கொண்டிருக்கும். ஓரச் சாய்விலும் குழாய்களைச் சுற்றியும் கண்ணாடி நார் வலையை நனைத்துப் பதித்து, சுவரில் 30 சென்டிமீட்டர் ஏற்றி, மேல் விளிம்பைச் சுவரில் வெட்டிய காடிக்குள் முடித்தார்கள். இரண்டாம் பூச்சு முதலாவதற்குக் குறுக்குவாட்டில்.

டின் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். தளமும் சுவர் ஏற்றமும் சேர்ந்து 120 சதுர மீட்டர். காய்ந்த பின் ஒன்றரை மில்லிமீட்டர் கனம் வேண்டுமென்றால் 180 லிட்டர் கெட்டிப் பொருள் அங்கே தங்க வேண்டும். நாங்கள் வாங்கியதில் கொள்ளளவில் 80 சதவீதம் தங்கும், மீதி ஆவியாகும். ஆக 225 லிட்டர், 20 லிட்டர் டின்னில் பன்னிரண்டு. காலி டின்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். முதலில் வந்தவர் சொன்ன நாலு டின் என்ன கனத்தில் காய்ந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

மேல்பூச்சு முடிந்த மூன்றாம் நாள் நான் விமானம் ஏறிவிட்டேன். ஒரு வாரம் ஆறவிட்டு, மேஸ்திரியே மறுபடி வந்து இரண்டு குழாய் வாயையும் அடைத்து மூன்று நாள் தண்ணீர் கட்டினார். அதன் பிறகு விடாமல் இரண்டு நாள் மழை பெய்திருக்கிறது. அப்பா ஏணியில் ஏறிப் படம் எடுத்து அனுப்பினார். கறை இன்னும் பழுப்பாகத்தான் இருக்கிறது, வெள்ளை அடிக்கவில்லை. முன்பு கோட்டைத் தாண்டிய ஈரம் காய்ந்துவிட்டது. அப்பா அதன் ஓரத்தில் புதிதாக ஒரு கோடும் தேதியும் போட்டிருக்கிறார்.